ஏழு கையெழுத்து, நாலு செமஸ்டர்

வேலை உத்தரவு வந்த அன்று எங்கள் வீட்டில் முதலில் அம்மா அழுதாள், அப்புறம் அப்பா என்னோடு சண்டை போட்டார். இரண்டுக்கும் காரணம் சந்தோஷம்தான். எங்கள் வீட்டில் சந்தோஷத்தை நேராகச் சொல்லிப் பழக்கமில்லை.

அப்போது நான் பி.காம். இரண்டாம் வருஷம், நான்காவது செமஸ்டர். திருச்சியில் ஒரு தன்னாட்சிக் கல்லூரி. தன்னாட்சி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் கொடுக்கும். முதல் வருஷ லீவில் பொழுது போகாமல் குரூப் ஃபோர் எழுதியிருந்தேன். பொழுது போகாமல் என்று இப்போது சொல்கிறேன். அப்பா அந்த ஆறு வாரமும் காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்பி உட்காரவைத்ததை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவர் பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சட்டைத்துணிப் பிரிவில் நிற்பவர். இருபது வருஷத்துக்கு மேல் நின்றே வேலை பார்த்தவர். மகள் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை.

தேர்வானேன். கலந்தாய்வில் சொந்த மாவட்டமே கிடைத்தது. மார்ச் மாத ஆரம்பத்தில் உத்தரவு கைக்கு வந்தது: ஸ்ரீரங்கத்தில் ஓர் அரசு அலுவலகம், இளநிலை உதவியாளர், முப்பது நாளுக்குள் பணியில் சேரவேண்டும். உறையூரிலிருந்து இரண்டு பஸ். இதைவிட என்ன வேண்டும்? ஊரெல்லாம் வாழ்த்தியது. எனக்கு மட்டும் உள்ளே ஒரு முள் இருந்தது. டிகிரி?

பத்தாம் வகுப்புத் தகுதியில் கிடைத்த வேலை அது. அதிலேயே காலத்தை ஓட்டிவிடலாம், தப்பில்லை. ஆனால் குரூப் டூ எழுத டிகிரி வேண்டும். எனக்கு அந்தப் பேராசை இருந்தது. இன்றும் இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வேலையில் சேர்ந்துவிட்டால் பகலில் கல்லூரிக்குப் போகமுடியாது. ஆகவே மிச்சத்தை அஞ்சல் வழியில் படிக்கவேண்டும். தொலைநிலைக் கல்வி என்று இப்போது சொன்னாலும் எங்கள் தெருவில் அதற்கு இன்னும் அஞ்சல் வழிதான் பெயர். அங்கே நேராக மூன்றாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்வார்களா, முதலிலிருந்து வரச் சொல்வார்களா? கேள்வி அவ்வளவுதான். ஒரு வருஷமா, மூன்று வருஷமா?

அப்பாவுக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. அவருக்குப் புரிந்ததெல்லாம் டிசி. வேலையில் சேரும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களைக் காட்டவேண்டும். அவை கல்லூரியில் இருந்தன. அதனால் டிசி வாங்கினால்தான் சான்றிதழ் வரும், சான்றிதழ் வந்தால்தான் வேலை வரும் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். நாளைக்கே டிசி. நாளைக்கு அஷ்டமி என்று அம்மா சொன்னதால் நாளன்னைக்கே டிசி. அரசாங்கம் மனசு மாறிவிடும் என்று அவர் நிஜமாகவே பயந்தார். மாமா ஒருவர் போனில், ஒரு நாள் தள்ளிச் சேர்ந்தாலும் சீனியாரிட்டி போச்சு என்று வேறு கொளுத்திப் போட்டார்.

நானும் தலையாட்டினேன் என்பதைச் சொல்லிவிடவேண்டும். தேர்வுக்கு ஐந்து வாரம்கூட இல்லாதபோது டிசி வாங்கப் போனவள் நான். பின்னால் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் நீண்டது; அன்றைக்கு என் மூளை எங்கே போயிருந்தது? மூன்று செமஸ்டர் பாஸ், நாலாவதில் முக்கால்வாசி வகுப்பு முடிந்தது, எல்லாம் எப்படியாவது சேர்ந்துகொள்ளும் என்று நினைத்துவிட்டேன். படித்தது படித்ததுதானே, அது எங்கே போய்விடும் என்று.

கல்லூரி அலுவலகத்தில் டிசி கேட்டால் முதலில் ஒரு காகிதம் கொடுப்பார்கள். நோ டியூ ஃபாரம். இந்த மாணவி எங்களுக்கு எதுவும் தரவேண்டியதில்லை என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடவேண்டும்: நூலகம், துறைத்தலைவர், கணினி ஆய்வகம், உடற்கல்வி, விடுதி, தேர்வுப் பிரிவு, நாட்டு நலப்பணித் திட்டம். மொத்தம் ஏழு. விடுதியை நான் வெளியிலிருந்துகூடச் சரியாகப் பார்த்ததில்லை; அந்தக் கையெழுத்தும் வேண்டும். இரண்டே நாளில் ஆறு வாங்கிவிட்டேன். எங்கள் துறைத்தலைவர் ஒரு கூட்டத்துக்குப் போகும் அவசரத்தில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போட்டார். தேர்வுப் பிரிவில் இருந்தவர் கட்டணம் பாக்கியில்லை என்று பார்த்தாரே தவிர, தேர்வு எழுதப்போகிறாயா என்று கேட்கவில்லை. அது அவர் வேலையில்லை. காகிதம் கேட்ட கேள்விக்கு எல்லாரும் பதில் சொன்னார்கள். காகிதம் கேட்காததை யாரும் கேட்கவில்லை.

ஏழாவது கையெழுத்துக்கு உரிய மேடம் ஊரில் இல்லை. என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர். திருவெள்ளறைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு அன்று காலைதான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருந்தார். நானும் அந்த முகாமுக்குப் போயிருக்க வேண்டியவள். முதல் வருஷ முகாமைக் குரூப் ஃபோர் படிப்பதற்காகத் தட்டிக் கழித்தேன். இந்த வருஷ முகாமை, அதுதான் வேலையே வந்துவிட்டதே என்று. ஏழு நாள் காத்திருக்கலாம் என்றேன். அப்பா கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் நான்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊராட்சிப் பள்ளியில் முகாம். மைதானத்தில் சீமைக்கருவேலம் வெட்டிக் குவித்திருந்தார்கள். எங்கள் வகுப்புப் பெண்கள் இருவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கலெக்டர் வருகிறார் வழி விடுங்கள் என்றாள் ஒருத்தி. மேடம் சமையல் நடக்கும் இடத்தில் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தொண்டை கட்டிப் போயிருந்தது. தண்ணீர் லாரி வரவில்லை, சாம்பாருக்குப் பருப்பு வேகவில்லை, ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். இந்த நிலையில் நான் ஃபாரத்தை நீட்டினேன்.

அவர் அதைப் படித்தார். மற்ற ஆறு பேரும் செய்யாததை அவர் செய்தார்: மேலே தேதியைப் பார்த்தார். எந்த செமஸ்டர் என்று கேட்டார். நாலு என்றேன். எக்ஸாம் எழுதிவிட்டாயா என்றார். இல்லை மேடம், வேலை கிடைத்துவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அப்ப கையெழுத்துப் போடமாட்டேன்," என்றார்.

அப்பா பதறிப்போனார். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி, பெண்ணோட வாழ்க்கை என்று கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் கெஞ்ச ஆரம்பித்தார். அந்தக் குரலை அவர் எனக்காகச் செலவழிப்பதைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. மேடம் கரண்டியை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"சார், நான் சொல்றத கேளுங்க. டிசி வாங்கிட்டா ரோல்ல பேரு இருக்காது. பேரு இல்லேன்னா ஹால் டிக்கெட் கிடையாது. இந்த செமஸ்டருக்கு இவ உக்காந்து படிச்சது, இன்டர்னல் எழுதுனது எல்லாம் சைபர். பாஸ் பண்ண பேப்பருக்குத்தாங்க கிரெடிட். மூணு செமஸ்டர வச்சுக்கிட்டு அஞ்சல் வழியில மூணாம் வருஷம் கேக்க முடியாது. ரெண்டாம் வருஷத்துலதான் போடுவாங்க. என் தம்பி இப்படித்தான் அவசரப்பட்டு, ஒரு வருஷத்த திரும்பப் படிச்சான்."

"அப்ப வேலைங்க?" என்றார் அப்பா.

"முப்பது நாள் டயம் குடுத்திருக்காங்கல்ல? பத்தலேன்னா எக்ஸாம் டைம்டேபிள வச்சு இன்னும் கொஞ்சம் டயம் கேளுங்க. கேக்காமலே இல்லேன்னு சொல்லுவாங்களா?"

அதோடு விட்டிருந்தால் நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். விடவில்லை. ஃபாரத்தை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பாடத்திட்டத்தில் ஐந்தாம் பகுதி என்று ஒன்று இருக்கிறது, விரிவாக்கப் பணி, அதற்கு ஒரு கிரெடிட் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும். முகாமுக்கே வராத ஆளுக்கு அந்த ஒரு கிரெடிட்டை எப்படிக் கொடுப்பது, அது இல்லாமல் இரண்டாம் வருஷம் முடித்ததாக எப்படி எழுதுவது என்று கேட்டார். மாற்றுத்துணியை நாளைக்கு அப்பா கொண்டுவந்து கொடுக்கட்டும், நீ இப்போதே இரு என்றார்.

இப்படியாக, அரசாங்க உத்தரவு கையிலிருந்த நான் அடுத்த ஏழு நாள் அந்தப் பள்ளியில் கருவேலம் இழுத்தேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், அறுபது பேருக்கு வெங்காயம் உரித்தேன். நன்றியோடு செய்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த மேடத்துக்குப் பொறாமை என்றுதான் முதல் மூன்று நாளும் நினைத்தேன். தற்காலிக விரிவுரையாளரான தனக்கு நிரந்தர வேலை இல்லை, எனக்குக் கிடைத்துவிட்டது என்று. நாலாம் நாள் அவரே காய்ச்சலோடு உட்கார்ந்து எங்களுக்கு வருகைப் பதிவு எடுத்தபோது அந்த நினைப்புக்கு வெட்கப்பட்டேன். அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

முகாம் முடிந்ததும் அப்பாவும் நானும் மனுவோடு ஸ்ரீரங்கம் அலுவலகத்துக்குப் போனோம். தேர்வு முடிய, கொடுத்த கெடுவுக்கு மேல் இன்னும் மூன்று வாரம் தேவை. தேர்வு அட்டவணையின் நகலை இணைத்திருந்தேன். அங்கிருந்த கண்காணிப்பாளர் படித்துப் பார்த்தார். அப்பா பொறுக்கமாட்டாமல் சீனியாரிட்டியைக் கேட்டுவிட்டார். சீனியாரிட்டி தேர்வு ரேங்க்படிதான் வரும், கொடுத்த கெடுவுக்குள், நீட்டித்துக் கொடுத்தால் அதற்குள், சேர்ந்தால் யார் முதலில் வந்து உட்கார்ந்தார்கள் என்று பார்த்து வருவதில்லை என்றார் அவர். மனு மேலே போனது. பத்து நாளில் அனுமதி வந்தது. மாமாவுக்குப் போன் போட்டு அப்பா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

தேர்வு எழுதினேன். காஸ்ட் அக்கவுன்டிங் தாள்தான் கடினமாக இருந்தது. அந்தத் தாள் போனால் கிரெடிட்டும் போகும், இத்தனை கூத்தும் வீண். வழக்கமாகத் தேர்வு முடிந்ததும் கேள்வித்தாளை வாங்கி எத்தனை மார்க் என்று கூட்டிப் பார்க்கும் அப்பா, அன்றைக்குச் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார்.

கடைசித் தாளுக்கு மறுநாள் மேடம் ஏழாவது கையெழுத்தைப் போட்டார். டிசியில் இரண்டாம் ஆண்டு முடித்து விலகியதாக எழுதியிருந்தது. அந்த வாரமே பணியில் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்துக்கு நான் அதுவரை சனிக்கிழமை சாமி கும்பிடப் போனதுதான். இப்போது தினமும் கோபுரத்தை பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டு தபால் பதியப் போனேன். மே மாதக் கடைசியில் ரிசல்ட். காஸ்ட் அக்கவுன்டிங்கில் நாற்பத்தாறு. மற்றதெல்லாம் மரியாதையான மார்க். நாலு செமஸ்டரும் அரியர் இல்லாமல் கையில்.

இனி ஒன்றுமில்லை, போய்ச் சேரவேண்டியதுதான் என்று நினைத்தேன். அங்கேதான் அடுத்த பாடம். அதே பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையம்தான். ஆனால் நான் படித்தது தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டம், அவர்களுடையது வேறு. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தையே நடத்தும் கல்லூரியில் படித்திருந்தால் மார்க் ஷீட்டைப் பார்த்தே முடித்திருப்பார்களாம். எனக்கு ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, உள்ளே இருக்கும் பாடமும் பெருமளவு ஒன்றாக இருக்கவேண்டும். அதற்கு நான் சேர்ந்த வருஷத்துப் பாடத்திட்டம் வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் கல்லூரியின் சான்றொப்பத்தோடு. கல்லூரியின் இணையதளத்திலோ புதிதாக மாற்றிய பாடத்திட்டம்தான் இருந்தது. துறைத்தலைவரிடமே மறுபடி போனேன். அவர் அலமாரியில் தேடி எங்கள் வருஷத்துப் புத்தகத்தை எடுத்து, நகல் போட்டு, எழுபது சொச்சம் பக்கத்திலும் கையெழுத்திட்டார். ஒரு கூட்டத்தை அன்றைக்கு ரத்து செய்தார். மார்ச் மாதக் கையெழுத்துக்கு அது பிராயச்சித்தம் என்று அவரே சிரித்துக்கொண்டே சொன்னார்.

அலுவலகத்திலும் ஒரு மனு. மேற்படிப்புக்கு அனுமதி இல்லாமல் படித்தால் பின்னால் அந்தப் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்ற முட்டுக்கட்டை வரும் என்று எதிர் மேஜை அக்கா எச்சரித்தார். அந்த அனுமதி வந்தது. சேர்க்கைக்கு ஓர் ஆன்லைன் எண் வேண்டும் என்றார்கள்; அது நம் கிரெடிட்டெல்லாம் சேரும் டிஜிட்டல் கணக்கோடு இணைந்தது. அதைத் திறந்தால் மூன்று செமஸ்டர்தான் இருந்தது. நான்காவதைக் கல்லூரி இன்னும் ஏற்றவில்லை. தேர்வுப் பிரிவுக்கு ஓடினேன். எல்லாருடையதையும் சேர்த்து அடுத்த வாரம் ஏற்றுவோம் என்று நிதானமாகச் சொன்னார்கள். அந்த அடுத்த வாரத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை போனைத் திறந்து பார்த்தேன். வந்தது.

இதற்கிடையில் அப்பா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வந்தார். எந்தப் படிப்பை எங்கே விட்டிருந்தாலும் ஒரே வருஷத்தில் டிகிரி என்று போட்டிருந்தது. எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாடி அறை முகவரி. நான் அதைக் கிழித்தேன். நான் எதிர்பார்த்த சண்டை வராதது எனக்கு வித்தியாசமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த முகாமுக்குப் போய்வந்த நாளிலிருந்தே அவர் என்னோடு சண்டை போடவில்லை.

ஒப்பீட்டுக் குழு முடிவு சொல்ல மூன்று வாரம் ஆனது. வந்து பார்க்கச் சொல்லி மையத்திலிருந்து போன் வந்தபோது நான் தபால் பதிவேட்டில் இருந்தேன். மதியம் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அப்பாவும் கடையிலிருந்து நேராக வந்துவிட்டார், கழுத்தில் அளவு நாடாவோடு. அதைக் கழற்றச் சொன்னேன்.

கவுன்டரில் இருந்த பெண் ஒரு அட்டவணையை எங்கள் பக்கம் திருப்பி வைத்து விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். தமிழ் நாலு தாளும் ஏற்கப்பட்டது. ஆங்கிலம் நாலும். முதன்மைப் பாடங்களில் தணிக்கை ஒன்றைத் தவிர எல்லாம், காஸ்ட் அக்கவுன்டிங் உட்பட. சுற்றுச்சூழல், மதிப்புக்கல்வி இரண்டும். தணிக்கை அவர்களிடம் ஐந்தாம் செமஸ்டரில் வருகிறது; நான் ஏற்கெனவே பாஸ் செய்துவிட்டதால் அதை மறுபடி எழுதவேண்டாம். எங்கள் கல்லூரி பெருமையாகப் பெயர் வைத்து நடத்திய மென்திறன் தாளுக்கு அங்கே இணையே இல்லை. அதற்காக நான் கோட் போட்டுக்கொண்டு பேசிய பேச்சு காற்றோடு போனது. வணிகச் சட்டமும் சந்தைப்படுத்துதலும் அவர்களுடைய முதல் இரண்டு வருஷத்தில் இருக்கின்றன, நான் படிக்கவில்லை. அந்த இரண்டையும் மூன்றாம் வருஷத் தாள்களோடு சேர்த்து எழுதிவிடவேண்டும்.

"ஐந்தாம் பகுதிங்க?" என்று கேட்டேன். "என்.எஸ்.எஸ். கேம்ப்?"

அது அவர்கள் பாடத்திட்டத்திலேயே இல்லை என்றார். அதற்குக் கட்டமும் இல்லை, கணக்கும் இல்லை.

ஏழு நாள் வெயில், கருவேல முள், அறுபது பேருக்கு வெங்காயம்! எனக்குக் கோபம் வரவேண்டும். சிரிப்புதான் வந்தது. கவுன்டர் என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். செல்லாமல் போன அந்த ஒரு கிரெடிட்டைக் கொடுப்பவரைத் தேடிப் போனதால்தான் மற்றதெல்லாம் செல்லுபடியானது. அந்தப் பெண் நான் அழுகிறேனோ என்று எட்டிப் பார்த்தார். பிறகு என் விண்ணப்பத்தை எடுத்து, சேர்க்கை என்ற இடத்தில் மூன்றாம் ஆண்டு என்று எழுதினார்.

அப்பா அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டு வருஷமும் சேந்துடுச்சாங்க?" என்று கேட்டார். சேர்ந்துவிட்டது சார், ரெண்டு பேப்பர் கூடுதலா எழுதணும், அவ்வளவுதான் என்றார் அந்தப் பெண். அப்பா தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே கேட்டார். அந்தப் பெண்ணும் பொறுமையாக மறுபடி அதையே சொன்னார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நான் மூன்றாம் வருஷப் புத்தகங்களைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை என்பது தெரிந்து நிறுத்தினேன்.

"அன்னிக்கு உன்ன கேம்ப்ல விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன்ல," என்றார். "அந்தம்மா கையெழுத்த நானே போட்டுடலாம்னு பேனாவ எடுத்துட்டேன். ஒரு கையெழுத்துதானேன்னு. காலையில ஆபீஸ்ல குடுத்து டிசி வாங்கிடலாம்னு."

அந்த ஃபாரம் ஏழு நாளும் வீட்டில் அவரிடம்தான் இருந்தது. நான் முகாமில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு காலையில், எனக்குத் தெரியாமலே, என் இரண்டாம் வருஷம் கையைவிட்டுப் போயிருக்கும்.

"ஏம்பா போடல?"

"நான் போட்டது உனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனா உனக்கு ஒரு வருஷம் போயிருக்கும். அந்தம்மா தம்பியச் சொன்னாங்கல்ல, அது காதுலயே இருந்துச்சு," என்றார். பிறகு, "இத்தன மாசமா அந்த ரெண்டு வருஷம் வந்து சேருமான்னு எனக்குத் தூக்கம் இல்லம்மா," என்றார்.

எத்தனை பொருமியிருந்தேன் அவர்மேல். நான் ரிசல்ட்டுக்கும் சான்றொப்பத்துக்கும் ஓடிய மாதங்களிலெல்லாம் இன்னொருவரும் அதே பயத்தை என்னிடம் காட்டாமல் சுமந்திருக்கிறார் என்பது எனக்கு அந்த பஸ் நிறுத்தத்தில்தான் தெரிந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வளர்ந்த பிறகு அதுதான் முதல் தடவை. பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. ஒரே ஓர் இடம் காலியாக, ஜன்னலோரம். நான் அவரைத் தோளில் அழுத்தி அதில் உட்காரவைத்தேன். கடை வந்து இறங்கும்வரை அவர் தூங்கிக்கொண்டு வந்தார்.